தலைமையாசிரியர் விடைபெறுகிறார்: விருந்தினருக்கு அவருரையை ஆங்கிலத்தில் எடுத்துரைக்கும் முறை

பணி நிறைவு பெறும் தலைமையாசிரியர் ஒருவர், தம் பள்ளியின் முற்றத்தில் கூடியிருக்கும் ஊராரையும் மாணவரையும் நோக்கித் தமிழில் விடைபெற்றுப் பேசுகையில், மேடையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வெளிநாட்டு விருந்தினருக்கு அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, பெரும்பாலும் அப்பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடமோ, ஊருக்கு வந்திருக்கும் பழைய மாணவரிடமோ திடீரென்று வந்து சேருகிறது. அத்தகைய பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்காகவே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்குரிய சாத்திரங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. ஒரு வார அவகாசமும், ஒரு சிறு குறிப்பேடும், ஓரளவு சரளமான ஆங்கிலமும் உள்ள ஒருவர் எந்த வரிசையில் எதைச் செய்யவேண்டும் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

பயிற்சிக்காக ஒரு சந்தர்ப்பத்தை நாமே அமைத்துக்கொள்வோம். காவிரிப் படுகையில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளி. அங்கே படித்து இங்கிலாந்தில் வேலை பார்க்கும் ஒருவர், ஆய்வுக்கூடம் கட்டுவதற்குப் பொருளுதவி செய்த தம் அலுவலக நண்பர்கள் நால்வரோடு விழாவுக்கு வருகிறார். தலைமையாசிரியர் பன்னிரண்டு நிமிடம் பேசுவதாக உத்தேசம். விழா மாலை நேரத்தில்; பிள்ளைகள் மணலில் அமர்ந்திருப்பார்கள்.

விழாவுக்கு முன்னால்

1. எந்த முறையில் எடுத்துரைப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள். மூன்று முறைகள் உண்டு. பேச்சாளர் ஒரு பகுதியைப் பேசி நிறுத்த, நீங்கள் அதை ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொல்வது ஒன்று. விருந்தினரின் பின்னால் அமர்ந்து காதோடு காதாகச் சொல்வது மற்றொன்று. உரையை முன்கூட்டியே ஆங்கிலத்தில் எழுதி அச்சுத்தாளாகக் கையில் கொடுத்துவிடுவது மூன்றாவது. முதல் முறையில் காலம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு நிமிட உரை இருபத்துநான்கு நிமிடமாக நீளும்போது, மணலில் அமர்ந்திருக்கும் ஆறாம் வகுப்புக் குழந்தை, தனக்குப் புரியாத பாஷையில் பாதி நேரத்தைக் கழிக்க நேரிடுகிறது. இரண்டு பேர் மட்டுமே விருந்தினர் என்றால் காதோடு சொல்வதே சிறந்தது. நால்வர் ஐவர் என்றால், என் அபிப்பிராயத்தில், அச்சுத்தாளையும் மேடைப் பேச்சையும் கலந்து கொள்வதே தக்கது: உரை முழுவதும் தாளில் இருக்கட்டும், மேடையில் நீங்கள் பகுதிக்குப் பகுதி எழுந்து, பேச்சாளர் எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிக்கு மேற்படாமல் சொல்லுங்கள். அந்த உரை முதன்மையாக அந்த ஊருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் உரியது. விருந்தினரின் பொருட்டு அது துண்டு துண்டாகச் சிதறிவிடக் கூடாது.

2. தலைமையாசிரியரை நேரில் சென்று காணுங்கள். நாற்பது ஆண்டு மேடைப் பழக்கம் உள்ளவர் "எழுதி வைத்துக்கொண்டு பேசுவதில்லையே தம்பி" என்று சொல்லக்கூடும். அப்போது முழு உரையைக் கேட்காமல், "ஐயா, யார் யார் பெயரைச் சொல்லப் போகிறீர்கள், எந்தச் சம்பவத்தைச் சொல்லப் போகிறீர்கள், எந்தக் குறளில் முடிக்கப் போகிறீர்கள், இந்த மூன்றை மட்டும் சொன்னால் போதும்" என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கினால் பெரும்பாலும் உரையே வெளிவந்துவிடும். அவர் சம்மதித்தால் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். அதைப் பின்னர் பலமுறை கேட்டு, அவர் எந்த இடத்தில் மூச்சு விடுகிறார், வாக்கியத்தை எவ்வளவு நீட்டுகிறார், வட்டார வழக்கு எங்கே தலைகாட்டுகிறது என்பவற்றைத் தெரிந்துகொள்வது, அகராதியைப் புரட்டுவதைவிட நூறு பங்கு பயன் தரும்.

3. பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய பதவியின் ஆங்கிலப் பெயரையும், அவர் ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். இது அற்பமான விஷயம் போலத் தோன்றும். ஆனால் தமிழ் மேடையில் "மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் நேரில் வந்து பார்த்தார்கள்" என்றே சொல்லப்படும். அந்த மரியாதைப் பன்மையிலிருந்து அவர் ஐயாவா அம்மாவா என்பது தெரியாது; ஆங்கிலத்திலோ அதைச் சொல்லாமல் அடுத்த வாக்கியத்தை அமைப்பதே சிரமம். பழக்கமில்லாதவர்கள் இவ்விடத்தில் பன்மையை அப்படியே 'தே' என்று பெயர்த்துவிட, பல அதிகாரிகள் கூட்டமாக வந்து பார்த்ததாக விருந்தினர் நினைத்துக்கொள்கிறார்கள்.

பதவிப் பெயர்களிலும் ஓர் எச்சரிக்கை. இடைநிலை ஆசிரியர் என்பது 'செகண்டரி கிரேடு டீச்சர்' என்றே அரசாங்க ஆவணங்களில் வழங்கினாலும், அவர் கற்பிப்பது சிறு வகுப்புகளுக்கு. இங்கிலாந்திலிருந்து வருபவர் அப்பெயரைக் கேட்டால் பதினைந்து வயது மாணவருக்குக் கற்பிப்பவர் என்றே எண்ணுவார். ஆதலால் அவ்விடத்தில் பதவிப் பெயரை விட்டு, சிறுபிள்ளைகளின் ஆசிரியர் என்ற பொருளில் சொல்லுங்கள். மேல்நிலைப்பள்ளி என்பதையும் பெயரளவில் சொல்லிவிடாமல், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை என்று ஒருமுறை விளக்கிவிட்டால் பிறகு தொல்லையில்லை.

4. எண்களைத் தனித்தாளில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். லட்சமும் கோடியும் நம் நாவில் தாமாக வருகின்றன. அவற்றை மேடையில் நின்று ஆங்கிலேயர் எண்ணும் முறைக்கு மாற்ற முயல்வது ஆபத்து. ஒரு லட்சம் என்பது நூறாயிரம், பத்து லட்சம் என்பது ஒரு மில்லியன், ஒரு கோடி என்பது பத்து மில்லியன் என்ற மூன்று வரிகளை அட்டையொன்றில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். "இன்னும் நான்கு லட்சம் இருந்தால் சுற்றுச்சுவர் முடிந்துவிடும்" என்று தலைமையாசிரியர் சொல்லுகையில், அது ரூபாயில் நானூறாயிரம் என்று தெளிவாக வரவேண்டும். பவுனிலோ டாலரிலோ மாற்றிச் சொல்லாதீர்கள். அந்தக் கணக்கை விருந்தினரே செய்துகொள்வார்கள். பணம் சம்பந்தப்பட்ட வாக்கியத்தில் சந்தேகம் எழுந்தால், விழாவே நின்றாலும் பரவாயில்லை, பேச்சாளரிடம் திரும்பி மெல்லக் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

5. விருந்தினரைத் தயார் செய்யுங்கள். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் நாட்டுப்பண்ணுக்கும் எழுந்து நிற்கவேண்டும் என்பதையும், பொன்னாடை போர்த்தும்போது சிறிது தலை குனிந்து ஏற்றுக்கொண்டால் போதும் என்பதையும், பொன்னாடையை உடனே எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவது இங்கே வழக்கந்தான், அதனால் யாருக்கும் அவமரியாதை இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விழா நடந்துகொண்டிருக்கையில் இவற்றைக் காதில் ஓத நேரம் கிடைக்காது.

மேடையில் எங்கே நிற்பது

ஒலிபெருக்கியின் வாய் மக்களை நோக்கி இருப்பதால், மேடையின்மேல் நிற்பவருக்கு எதிரொலிதான் கேட்கும், சொல் கேட்காது. ஆகையால் தலைமையாசிரியரின் இடப்புறம் ஓரடி பின்தள்ளி, அவருடைய இயற்கையான குரல் நேரே காதில் விழும் இடத்தில் நில்லுங்கள். தனி ஒலிவாங்கி ஒன்று அவசியம். ஒரே ஒலிவாங்கியை இருவரும் மாறி மாறி வாங்கிக்கொள்வதனால் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் வீணாவதோடு, பேச்சாளரின் கையிலிருந்து அதைப் பறிப்பது போன்ற தோற்றமும் உண்டாகிறது. தரையில் ஓடும் கம்பிகளை விழா தொடங்குமுன் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடச் சொல்லுங்கள்; மாலை போட வருகிறவர்கள் கூட்டமாக ஏறும் மேடை அது.

குறிப்பேடு மேற்புறம் சுருள்கம்பி வைத்ததாக இருக்கட்டும். ஒரு கையால் பிடித்து மறு கையால் தாளைப் புரட்ட அதுவே வசதி. சொற்களை எழுதாதீர்கள், பொருளை எழுதுங்கள். ரோசான் என்னும் மொழிபெயர்ப்பாளர் இத்தகைய குறிப்பெடுத்தலைப் பற்றி 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில் சொல்லும் முறைகளுள் நமக்குப் போதுமானது ஒன்றே: குறிப்பைப் பக்கவாட்டில் நீட்டி எழுதாமல், யார், என்ன, யாருக்கு என்று படிக்கட்டு இறங்குவதுபோல் கீழ்நோக்கி எழுதி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் குறுக்கே ஒரு கோடு கிழிப்பது. 'ஆனால்', 'ஆதலால்', 'இருந்தும்' என்னும் இணைப்புச் சொற்களை மட்டும் இடது ஓரத்தில் தவறாமல் குறியுங்கள். பொருள் நினைவில் நிற்கும், இணைப்பே நழுவும்.

குறிப்பு: பேச்சாளரோடு ஒரு சைகையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் பகுதியை முடித்ததும் உங்களை ஒருமுறை திரும்பிப் பார்க்கவேண்டும். அதுவரை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருவதால், அது வந்து சேராமல் "செய்தேன்" என்பாரா "செய்யவில்லை" என்பாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

உரையைப் பகுதி பகுதியாக எடுத்துக்கொள்ளுதல்

விளித்தல். "விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே" என்று தொடங்கி, உடன் பணிபுரியும் ஆசிரியர், சத்துணவு அமைப்பாளர், ஊர்ப் பெரியோர், மாணவச் செல்வங்கள் என்று நம் மேடை விளிப்பு இரண்டு நிமிடம் ஓடும். இதை ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகப் பெயர்க்கவேண்டியதில்லை. தலைவரையும் சிறப்பு விருந்தினரையும் பெயர் சொல்லி, ஏனையோரை ஒரே தொடரில் அடக்கிவிடலாம். ஆனால் அவ்வாறு சுருக்கப் போவதை முன்னதாகவே தலைமையாசிரியரிடமும் விழாத் தலைவரிடமும் தெரிவித்து அனுமதி பெறுங்கள். மேடையில் உள்ளவர்கள் ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தங்கள் பெயர் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். சிலர் பெயர் மட்டும் வந்து சிலர் பெயர் விடுபட்டால் வருத்தம் நியாயமானதே.

நினைவுகூர்தல். நம் எடுத்துக்காட்டில் தலைமையாசிரியர் இப்படித் தொடங்குகிறார் என்று கொள்வோம்:

"இந்தப் பள்ளிக்கூடத்தின் உப்பைத் தின்று வளர்ந்தவன் நான். 1994ஆம் வருஷம், கையில் ஒரு துணிப்பையோடு இந்த வாசற்படியை மிதித்த அன்று, மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டுக் கட்டடத்தில் பெஞ்சு இல்லாமல் தரையிலே உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, இங்கிருந்து மாறுதல் கேட்பதில்லை என்று மனசுக்குள்ளே சொல்லிக்கொண்டேன். பதவி உயர்வு என்னை வெளியூருக்குக் கொண்டுபோயிற்று; ஆனாலும் தலைமையாசிரியனாக மறுபடியும் இங்கேயே வந்து சேர்ந்தேன்."

இதை எடுத்துச் சொல்லும் விதம் வருமாறு. முதலாவதாக, நீங்கள் தலைமையாசிரியராகவே பேசவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தொடங்கக் கூடாது. அவர் "நான்" என்றால் நீங்களும் 'ஐ' என்றே சொல்லவேண்டும், நீங்கள் இருபத்தைந்து வயதுப் பெண்ணாக இருந்தாலும் சரி. முதல் நிமிடத்தில் கூச்சமாக இருக்கும். பிறகு கேட்பவர்கள் உங்களை மறந்து அவரையே பார்க்கத் தொடங்குவார்கள்.

இரண்டாவதாக, நெடிய வாக்கியத்தை மூன்றாக உடையுங்கள். 1994இல் ஒரு துணிப்பையோடு இங்கே வந்தேன். ஒழுகும் கூரையின் கீழே பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். அன்றே இந்த ஊரைவிட்டுப் போகக் கேட்பதில்லை என்று முடிவு செய்தேன். இவ்வாறு நிகழ்ச்சி நடந்த வரிசையிலேயே சொன்னால் போதும். தமிழ் வாக்கியம் கடைசி வரை தாங்கிக்கொண்டு வந்த அந்த முடிவு, ஆங்கிலத்திலும் கடைசியிலேயே நிற்கும். அதன் பலமும் குறையாது.

மூன்றாவதாக, 'மாறுதல்' என்னும் சொல்லுக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. அரசுப் பள்ளி ஆசிரியர் விண்ணப்பம் செய்து வேறு ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது விருந்தினருக்குத் தெரியாது. தெரியாதவரை, அவர் எதைத் துறந்தார் என்பதும் அவர்களுக்கு விளங்காது. ஆகவே "ஆசிரியர்கள் இடமாற்றம் கேட்பது வழக்கம், நான் கேட்பதில்லை என்று" என ஆறேழு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்தச் சொல்லாக உரையில் சேர்க்க அனுமதிக்கப்பட்டது இவ்வளவே: ஒரு மூச்சில் முடிந்துவிடும் விளக்கம். அதற்கு மேல் நீளுமானால் அதை அச்சுத்தாளின் அடியில் எழுதுங்கள்.

உப்பைப் பற்றிய தொடரை எப்படிச் சொல்வது? சொல்லுக்குச் சொல் வைத்தால் விருந்தினர் பள்ளிச் சாப்பாட்டை நினைப்பார்கள். அவர் அங்கே செய்வது நன்றிக்கடனை ஒப்புக்கொள்ளுதல். ஆதலால் "எனக்குக் கிடைத்த வாழ்வெல்லாம் இந்தப் பள்ளி தந்தது" என்னும் பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள். ஒவ்வொரு தொடரிலும் பேச்சாளர் என்ன காரியம் செய்கிறார், நன்றி சொல்கிறாரா, மன்னிப்புக் கேட்கிறாரா, வேண்டுகிறாரா, விடைபெறுகிறாரா என்று உங்களையே கேட்டுக்கொண்டு, அந்தக் காரியத்தை ஆங்கிலத்தில் செய்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் தாமாக அமைந்துவிடும்.

பொறுத்தருளக் கேட்டல். பணி நிறைவு உரை எதிலும் இந்த இடம் தவறாது வரும்: "அறிந்தோ அறியாமலோ யார் மனமாவது என்னால் புண்பட்டிருந்தால், சிறியேனைப் பொறுத்தருள வேண்டும்." நம்மவர்க்கு இது பிரியும்போது செய்யும் உபசாரம், யாரும் இதைக் குற்ற ஒப்புதலாகக் கொள்வதில்லை. சொல் மாறாமல் ஆங்கிலத்தில் சென்றால், ஏதோ புகார் எழுந்து அதற்கு அவர் பதில் சொல்வதாக விருந்தினர் ஐயுறக்கூடும். ஆகவே "நம் வழக்கப்படி, பிரியும் வேளையில் உங்கள் எல்லோரிடமும் மன்னிப்பு வேண்டுகிறேன்" என்று, வழக்கம் என்னும் ஒரு சொல்லை முன்னே நிறுத்திச் சொல்லுங்கள். "சிறியேன்", "என் சிற்றறிவுக்கு எட்டியவரை" என்பன போன்ற தாழ்ச்சிச் சொற்களை அந்தக் குரலின் பணிவில் காட்டினால் போதும். அவற்றைத் தனித்தனியே பெயர்த்தால், முப்பதாண்டு அனுபவம் உள்ள ஆசிரியர் தம்மை அறிவிலி என்று அறிவித்துக்கொள்வதாக முடியும்.

பிரம்பு. இது எல்லாவற்றிலும் கடினமான இடம்; ஆகையால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய மாணவரைப் பார்த்து, "என் கையால் பிரம்படி பட்டவன்தான் இன்று லண்டனில் என்ஜினியராக இருக்கிறான்" என்று தலைமையாசிரியர் பெருமையோடு சொல்வதும், கூட்டம் முழுவதும் கை தட்டுவதும், அடி வாங்கிய அந்த மாணவரே எழுந்து வணங்குவதும் நம் ஊர்களில் நடக்கக்கூடியவை. இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1980களிலேயே விலக்கப்பட்டுவிட்டது. இந்தியாவிலும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு மாணவரை உடலால் தண்டிப்பதைத் தடை செய்கிறது. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் வெளிவந்த மறுகணம் விருந்தினர் முகங்கள் மாறும்.

மொழிபெயர்ப்பாளர் இதை மறைக்கலாமா? கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கூட்டம் சிரித்துக் கைதட்டிய ஒன்றை நீங்கள் விட்டுவிட்டால், விருந்தினர் பக்கத்தில் இருப்பவரிடம் என்னவென்று கேட்பார்கள். பழைய மாணவர் சொல்லிவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள். மென்மையாக்கிக் "கண்டிப்பு" என்று சொல்வதும் பொய்யே. இதற்குரிய இடம் விழாவுக்கு முந்தைய சந்திப்பு. "ஐயா, பிரம்பைப் பற்றிச் சொல்வீர்களானால், இன்று அதைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதையும் ஒரு வார்த்தை சொன்னால், வந்திருப்பவர்களுக்கு விளங்கும்" என்று கேளுங்கள். பல பெரியவர்கள் உண்மையாகவே அக்காலத்தை எண்ணி வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்ததாகவே அவர்கள் கொள்வார்கள். அவர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். மேடையில் அது வந்தால், அது எந்த ஆண்டில் நிகழ்ந்தது என்பது அவர் பேச்சில் இருக்குமானால் அதையும் சேர்த்து, உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவருக்காக நீங்கள் வருத்தம் தெரிவிக்கவோ, அவரை நியாயப்படுத்தவோ கூடாது.

நாமும் நாங்களும். "நாம் கட்டிய இந்த ஆய்வுக்கூடம்" என்று அவர் சொன்னால் விருந்தினரும் அதில் அடக்கம். "நாங்கள் கட்டிய" என்றால் ஊராரும் ஆசிரியரும் மட்டுமே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' என்னும் ஒரே சொல்தான். நன்கொடை கொடுத்தவர் எதிரே அமர்ந்திருக்கையில் இந்த வேறுபாடு நழுவிவிடலாகாது. "நாம்" என்று கேட்டவுடன் குறிப்பேட்டில் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லும்போது "நீங்களும் நாங்களும் சேர்ந்து" என்னும் பொருளில் விரித்துச் சொல்லுங்கள்.

குறள். நன்றியைப் பற்றிப் பேசும் இடத்தில் செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்திலிருந்து ஒன்றை, அதாவது 101 முதல் 110 வரையுள்ள பாக்களில் ஒன்றை, தலைமையாசிரியர் எடுத்தாள்வது பெரிதும் எதிர்பார்க்கத்தக்கது. எந்தக் குறள் என்பதை முன்பே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஜி. யு. போப் 1886இல் வெளியிட்ட ஆங்கிலச் செய்யுளைத் தேடி எடுத்து மேடையில் படிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது சிரத்தையோடு செய்த பெருமுயற்சி. ஆனால் எதுகைக்காகத் திருகிய பழைய சொல்லடுக்கு, ஒருமுறை காதால் மட்டும் கேட்பவருக்குப் பிடிபடுவதில்லை. வ. வே. சு. ஐயர் 1916இல் செய்த உரைநடைப் பெயர்ப்பு காதுக்கு இன்னும் எளிது. எனினும், அதைப் பார்த்துப் பொருளைத் தெளிந்துகொண்டு, உங்கள் சொந்த ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்துகொள்வதே நான் சொல்லும் முறை. அதற்கு முன்னால், திருவள்ளுவர் தமிழின் தொன்மையான புலவர், இது ஈரடியில் ஏழு சீர் கொண்ட பா என்று மட்டும் சொல்லுங்கள். ஏழு சீர் என்பதைக் கேட்டதும் விருந்தினர் உன்னிப்பாகக் கேட்பார்கள். அந்த இடத்தில் தலைமையாசிரியர் குறளை மறுமுறை தமிழில் சொன்னால் மிகவும் நன்று.

குறிப்பு: தாளில் இல்லாத பழமொழியோ பாடலோ திடீரென்று வந்து, உங்களுக்குப் பொருள் உடனே தோன்றாவிட்டால், அதன் கருத்தை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்லி மேலே செல்லுங்கள். ஆங்கிலத்தில் அதற்கு நிகரான பழமொழி எது என்று தேடி நின்றால், அடுத்த பகுதி உங்கள் காதில் விழாமலே போய்விடும்.

குரல் தழுதழுக்கும்போது. அவர் பேச்சு நின்றால் நீங்களும் மௌனமாக இருங்கள். அவருடைய கண்ணீருக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. விருந்தினரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர் மீண்டும் பேசத் தொடங்கி ஒரு வாக்கியமாவது முடிக்கும்வரை ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோகாதீர்கள். நீங்கள் சொல்லும்போது அவருடைய தழுதழுப்பைப் பின்பற்றி நடிக்கவும் வேண்டாம். தெளிவான, தாழ்ந்த குரல் போதும்.

விடைபெறுதல். முடிவில் அவர் "போய்வருகிறேன்" என்பார். "போகிறேன்" என்று சொல்லமாட்டார். ஆங்கிலத்தில் 'குட்பை' என்று முடித்துவிடுவது எளிது, ஆயினும் அது அவர் வாயிலிருந்து வராத சொல். "திரும்பி வருவேன் என்று சொல்லியே நாங்கள் விடைபெறுவது வழக்கம்; நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்" என்னும் பொருளில் சொல்லுங்கள். ஓய்வுக்குப் பிறகும் மாலை வகுப்பு எடுக்க வருவதாக அவர் அறிவித்திருந்தால், இந்த வாக்கியத்தை நேர்ப்பொருளிலேயே சொல்லிவிடலாம்.

விருந்தினர் மறுமொழி கூறும்போது

உரை முடிந்ததும் விருந்தினருள் ஒருவர் எழுந்து இரண்டு வார்த்தை பேச விரும்புவார். அப்போது நீங்கள் எதிர்த்திசையில், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரவேண்டும். முன்னறிவிப்பின்றி இது நேர்வதால், பின்வரும் மூன்றையும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1. அவர் தலைமையாசிரியரை வெறும் பெயர் சொல்லி அழைப்பார். அது அவர்கள் நாட்டு அன்பு. தமிழில் அதை "ஐயா அவர்கள்" என்று ஆக்கிச் சொல்லுங்கள். பிள்ளைகளின் முன்னால் தலைமையாசிரியரின் பெயர் மொட்டையாக ஒலிக்கலாகாது.

2. அவர் நகைச்சுவையாக ஏதேனும் சொன்னால், கூட்டத்தில் ஆங்கிலம் தெரிந்த சிலர் முதலில் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து, பிறகு சொல்லுங்கள். இல்லாவிட்டால் மணலில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்காது.

3. சுற்றுச்சுவருக்கு உதவுவதைப் பற்றி அவர் பேசினால், "முயற்சி செய்கிறோம்" என்றாரா, "செய்கிறோம்" என்றாரா என்பதை அணுவளவும் மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் 'விருப்பம் உண்டு', 'பரிசீலிப்போம்', 'நம்புகிறோம்' என்பன மூன்று வெவ்வேறு தூரங்கள். கூட்டத்தின் மகிழ்ச்சிக்காக அவற்றை வாக்குறுதியாக்கிவிட்டால், அடுத்த மாதம் பெற்றோர் ஆசிரியர் கழகம் அதை நம்பிக் கொத்தனாருக்கு முன்பணம் கொடுத்துவிடும். சந்தேகம் இருந்தால் விருந்தினரிடமே "இதை உறுதியாகச் சொல்லலாமா?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலையும் சேர்த்துத் தமிழில் சொல்லுங்கள்.

விழா முடிந்ததும், மேடையில் தலைமையாசிரியர் தாளைவிட்டு விலகிப் பேசிய இடங்களைக் குறிப்பேட்டிலிருந்து எடுத்து ஆங்கிலப் பிரதியில் சேர்த்து, அதை முதலில் அவருக்கே படித்துப் பொருள் சொல்லுங்கள். அவர் சரி என்ற பிறகு ஒரு பிரதியை விருந்தினருக்கும், ஒரு பிரதியைப் பள்ளி நூலகத்துக்கும் கொடுத்துவிடலாம்.